ஸ்டாப் எவ்வளவு தூரத்தில்?

பங்கு வாங்கியதும் இரண்டு சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவிடுவது என் பழைய வழக்கம். 500 ரூபாய்க்கு வாங்கினால் 490-இல் ஸ்டாப். மதியத்துக்குள் விலை 489-ஐத் தொடும், பங்கு விற்றுப்போகும், மாலையில் அதே பங்கு 508-இல் முடியும். யாரோ என் ஸ்டாப்பைக் குறிவைத்து அடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அடிக்கவில்லை. அந்தப் பங்கு சாதாரண நாளிலேயே பத்து ரூபாய்க்கு ஆடும்; அந்த ஆட்டத்துக்குள்ளேயே என் ஸ்டாப் இருந்தது.

ஒரு பங்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஆடுகிறது என்பதை அளக்க அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978-இல் தன் புத்தகத்தில் ஒரு வழி சொன்னார். சராசரி உண்மை வீச்சு என்று தமிழில் சொல்லலாம். வர்த்தகர்கள் வாயில் அது ஏ.டி.ஆர்.

‘உண்மை’ என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. நேற்று 500-இல் முடிந்த பங்கு, இரவில் வந்த செய்தியால் இன்று 530-இல் திறக்கிறது. நாள் முழுக்க 528-க்கும் 538-க்கும் நடுவே நகர்கிறது. இன்றைய உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் கழித்தால் பத்து ரூபாய்தான் வரும். ஆனால் நேற்று மாலை அதைக் கையில் வைத்திருந்தவருக்கு விலை 500-லிருந்து 538 வரை போயிருக்கிறது. அதனால் வைல்டர் நேற்றைய முடிவு விலையையும் கணக்கில் சேர்த்தார். இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் எவ்வளவு தூரம், தாழ்வு எவ்வளவு தூரம்: இம்மூன்றில் பெரியதே அன்றைய உண்மை வீச்சு. இங்கே அது 38 ரூபாய். வழக்கமாக 14 நாள்களுக்கு இதன் சராசரியை எடுப்பார்கள். எல்லா சார்ட்டிலும் ATR என்று தேடினால் கிடைக்கும்.

இனி கணக்கு. கையில் 5 லட்சம் ரூபாய். ஒரு முறை தவறினால் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். பங்கு 500 ரூபாய், ஏ.டி.ஆர். 10. ஸ்டாப்பை இரண்டு மடங்கு தள்ளி, 480-இல் வைக்கிறோம். பங்குக்கு 20 ரூபாய் போகலாம். 5,000-ஐ 20-ஆல் வகுத்தால் 250 பங்குகள். சில மாதம் கழித்துச் சந்தை கொந்தளிக்கிறது, அதே பங்கின் ஏ.டி.ஆர். 25 ஆகிவிட்டது. இப்போது ஸ்டாப் 50 ரூபாய் தள்ளி; வாங்க வேண்டியது 100 பங்குகள்தான். ஸ்டாப் விலகினால் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டையும் இணைத்தே பார்க்க வேண்டும், போகக்கூடிய பணம் மாறாமல் இருப்பதற்காக.

1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் பயிற்சி கொடுத்த ‘ஆமைகள்’ என்ற குழுவும் இப்படித்தான் வர்த்தகம் செய்தது. 20 நாள் சராசரியை அவர்கள் N என்று அழைத்தார்கள். ஸ்டாப் இரண்டு N தூரம்.

பலர் சறுக்குவது வாங்கிய பிறகு. 250 பங்குகள் கையில் இருக்கும்போது ஏ.டி.ஆர். 20 ஆகிறது, உடனே ஸ்டாப்பை 480-லிருந்து 460-க்கு இறக்குகிறார்கள், பங்குகளை மட்டும் குறைப்பதில்லை. 5,000 ரூபாயாக இருந்த ஆபத்து சத்தமில்லாமல் 10,000 ஆகிவிடுகிறது. வாங்கும்போது வைத்த ஸ்டாப்பை மேலே ஏற்றலாம், கீழே இறக்கவே கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு ஆபத்து அமைதியான சந்தையில் இருக்கிறது. ஏ.டி.ஆர். நடந்ததை மட்டுமே அளக்கும், அதையும் மெதுவாக. மேலே சொன்ன 38 ரூபாய் நாளுக்குப் பிறகும், பத்தாக இருந்த ஏ.டி.ஆர். வைல்டரின் கணக்குப்படி 12-தான் ஆகும். பழைய சராசரிக்கு 13 பங்கு, புதிய நாளுக்கு ஒரே பங்கு.

ஒரு யூரோவின் விலையை 1.20 பிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று சுவிஸ் மத்திய வங்கி 2011 முதல் பிடித்து வைத்திருந்தது. கடைசி நாள்களில் விலை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏ.டி.ஆர். மிகச் சிறியது, சூத்திரத்தை நம்பியவருக்கு அது மிகப் பெரிய அளவில் வாங்கச் சொல்லியிருக்கும். 2015 ஜனவரி 15 அன்று வங்கி பிடியை விட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. 1.20-ஐ ஒட்டி வைத்த ஸ்டாப்புகள் அந்த விலையில் நிறைவேறவில்லை, நடுவே வாங்க ஆளே இல்லாததால்.

அதனால் எண்ணிக்கைக்கு இன்னொரு வரம்பும் வேண்டும். நம் பங்கின் ஏ.டி.ஆர். இரண்டு ரூபாயாகச் சுருங்கினால் சூத்திரம் 1,250 பங்குகள் வாங்கச் சொல்லும். விலை ஆறே கால் லட்சம், கையில் இருப்பதோ ஐந்து லட்சம். நான் எந்த ஒரு பங்கிலும் முதலில் கால்வாசிக்கு மேல் போடுவதில்லை. 500 ரூபாய் பங்கு என்றால், ஏ.டி.ஆர். எவ்வளவு இறங்கினாலும், 250-தான்.