முப்பது சதவீத ஹைக்கில் கைக்கு வருவது எவ்வளவு?

அப்ரைசல் கடிதம் வரும் மாதங்களில் சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான் காதில் விழும். "உனக்கு எத்தனை போட்டாங்க?" "எட்டு." "நான் பேப்பர் போட்டுட்டேன் மச்சான், வெளியில முப்பது தர்றாங்க." எட்டையும் முப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் எட்டு வருஷா வருஷம் வருவது. முப்பது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவது. பத்து வருடத்துக்கு நீட்டிப் பார்த்தால்தான் இரண்டின் உண்மையான எடையும் தெரியும்.

இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை ஆட்கள். சதவீதங்களும் நான் எடுத்துக்கொண்டவை, துறையில் இருப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியாத அளவில். இருவருக்கும் எட்டு வருட அனுபவம், சி.டி.சி. 18 லட்சம். ஒருவர் அதே கம்பெனியில் இருக்கிறார். வருடத்துக்கு 8 சதவீதம். நான்காவது வருடத்திலும் எட்டாவது வருடத்திலும் புரமோஷன் கிடைத்து 18 சதவீதம். மற்றவர் இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது வருடங்களில் வேலை மாறுகிறார், ஒவ்வொரு முறையும் 30 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் அப்ரைசலில் முழு ஹைக் கிடைப்பது அபூர்வம். சேர்ந்த தேதியைக் காட்டிப் பாதியாக்கிவிடுவார்கள். அதனால் மாறிய மறு வருடம் 4, அதற்கடுத்த வருடம் 8 என்று வைக்கிறேன்.

பத்தாவது வருடத்தில் இருப்பவரின் சி.டி.சி. 43 லட்சம், மாறுபவருக்கு 56 லட்சம். பத்து வருடமும் வாங்கியதைக் கூட்டினால் இருப்பவருக்கு 2 கோடியே 90 லட்சம், மாறுபவருக்கு 3 கோடியே 58 லட்சம். வித்தியாசம் 68 லட்சம். சின்னத் தொகை இல்லை. ஆனால் வருட சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல், மற்றவருக்குப் பதின்மூன்றரை. டீக்கடையில் எட்டும் முப்பதுமாகத் தெரிந்த இடைவெளி, கணக்கில் மூன்றே சொச்சம்தான்.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மூன்றாவதாக ஒருவரைச் சேர்ப்போம். இவர் இரண்டாவது வருடத்தில் ஒரே ஒரு முறை 30 சதவீதத்துக்கு மாறுகிறார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, மற்றவர்களைப் போல ஐந்திலும் ஒன்பதிலும் புரமோஷன் வாங்குகிறார். இவருடைய பத்து வருடக் கூட்டுத்தொகை 3 கோடியே 28 லட்சம். மூன்று முறை மாறியவர் ஈட்டிய 68 லட்சத்தில் 38 லட்சத்தை இவர் ஒரே தாவலில் எடுத்துவிட்டார். முதல் தாவலின் பலன் ஒன்பது வருடத்துக்கு வருகிறது, அதன் மேல்தான் அடுத்தடுத்த சதவீதங்கள் ஏறுகின்றன. மூன்றாவது தாவலுக்கு மிஞ்சுவதோ மூன்று வருடம்.

முதல் தாவலுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? கம்பெனிக்குள் ஹைக்குக்கு ஒரு மொத்த பட்ஜெட் உண்டு. டீம் முழுவதற்கும் சேர்த்து இத்தனை சதவீதம் என்று மேனேஜரிடம் வரும். உங்களுக்கு இரண்டு சதவீதம் கூட்டிக் கொடுக்க நினைத்தால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். ஆள் எடுக்கும் பட்ஜெட் தனி. கிளையன்ட் ப்ராஜெக்டில் ஒரு இடம் காலியாகக் கிடந்தால் அந்த இடத்துக்கான பணம் வராது. அதனால் அந்த பட்ஜெட்டில் வெளிச்சந்தை விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கேம்பஸில் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஒரே இடத்தில் இருந்தவரின் சம்பளம் இப்படித்தான் மெல்ல மெல்லச் சந்தையை விட்டுப் பின்தங்குகிறது. முதல் மாற்றத்தில் கிடைக்கும் 30 சதவீதத்தின் பெரும்பகுதி இந்தப் பழைய பாக்கி. அது ஒருமுறை தீர்ந்துவிட்டால் அடுத்த தாவலில் வசூலிக்க அவ்வளவு பாக்கி இருக்காது. மூன்று முறையும் 30 என்று நான் போட்டது, உண்மையைச் சொன்னால், மாறுபவருக்குத் தாராளமாகக் காட்டிய சலுகை.

சரி, அந்த 30-ஐயே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பழைய சி.டி.சி. 18 லட்சத்தில் வேரியபிள் 1 லட்சத்து 20 ஆயிரம், கிராஜுவிட்டிக்கென்று காட்டும் தொகை 40 ஆயிரம் என்று வையுங்கள். மிச்சம் நிச்சயமான பணம் 16 லட்சத்து 40 ஆயிரம். புது ஆஃபர் லெட்டரில் 23 லட்சத்து 40 ஆயிரம் என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்து அட்டவணைக்குப் போனால் வேரியபிள் 2 லட்சத்து 80 ஆயிரம், ஜாயினிங் போனஸ் ஒன்றரை லட்சம், கிராஜுவிட்டி 45 ஆயிரம். இவற்றைக் கழித்தால் 18 லட்சத்து 65 ஆயிரம். தலைப்பில் 30 சதவீதமாக இருந்த ஹைக், நிச்சயப் பணத்தில் 14 சதவீதம்கூட இல்லை. ஜாயினிங் போனஸ் ஒருமுறை வருவது. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருக்கும். இன்னொரு இழப்பு ஆஃபர் லெட்டரில் எங்குமே தெரியாது. பழைய கம்பெனியின் வருடாந்திர வேரியபிளை, பணம் போடும் தேதியில் பணியில் இருப்பவருக்கு மட்டும்தான் தருவோம் என்பது பல இடங்களில் விதி. பிப்ரவரியில் ரிலீவ் ஆகிறவர் ஒரு வருட உழைப்பின் போனஸை மேஜையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அதனால் ஒப்பிட வேண்டியது இரண்டு நிச்சயத் தொகைகளைத்தான். இதில் 25 சதவீதம் ஏறினால் அது நல்ல ஆஃபர். பத்து, பன்னிரண்டு என்றால் உள்ளே வரப்போகும் ஒரு புரமோஷனே அதைவிட மேல்.

அடுத்து கிராஜுவிட்டி. பேசிக்கில் 4.81 சதவீதம் என்று சி.டி.சி. அட்டவணையில் ஒரு வரி இருக்கும். சட்டப்படி ஒரே இடத்தில் ஐந்து வருடத் தொடர் பணி முடித்த வழக்கமான ஊழியருக்குத்தான் அது சேரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுபவரின் ஒவ்வொரு ஆஃபரிலும் அந்தத் தொகை கூட்டப்பட்டிருக்கும், ஆனால் அவர் கைக்கு வராது. பேசிக் சம்பளத்தில் பாதி என்று வைத்தால், மூன்று கம்பெனிகளிலுமாகச் சேர்த்து எட்டு லட்சம் ரூபாய் வெறும் காகிதத்தில் நிற்கிறது. இருப்பவருக்கோ கணக்கு கடைசி மாத பேசிக்கை வைத்து நடக்கிறது. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய வருடங்களால் பெருக்க வேண்டும். நம் ஆளுக்கு இந்தப் பத்து வருடத்துக்கு மட்டும் சுமார் 10 லட்சத்து 30 ஆயிரம் வரும். தனியார் ஊழியருக்கு 20 லட்சம் வரை இதற்கு வருமான வரி கிடையாது.

வரி இன்னொரு கடி கடிக்கிறது. புதிய வரி முறையில் 2025-26 கணக்குப்படி 24 லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயிலும் செஸ்ஸோடு 31.2 சதவீதம் போய்விடும். மாறுபவர் கூடுதலாகச் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அந்த மேல் அடுக்கில்தான் விழுகிறது. காகித கிராஜுவிட்டியை இரு பக்கமும் நீக்கி, வரியையும் கழித்தால் 68 லட்சம் ஏறக்குறைய 47 லட்சமாகிறது. இருப்பவருக்கு வரியில்லாமல் வரும் பத்து லட்சத்தை அதிலிருந்து எடுத்தால் மிஞ்சுவது 37 லட்சம். பத்து வருடத்தில், மூன்று தடவை புது இடத்தில் முதலிலிருந்து பேர் எடுத்ததற்கான கூலி. (பி.எஃப். இந்த வம்பில் வராது. அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொண்டால் அது கூடவே வரும். ஐந்து வருடத்துக்குள் எடுத்துச் செலவழித்தால்தான் வரிச் சிக்கல்.)

மாறியவருக்கு ஒரு தாவல் சறுக்கினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். ஏழாவது வருடக் கடைசியில் லே-ஆஃப். ஆறு மாதம் சம்பளமில்லை. பிறகு பழைய 38 லட்சத்துக்கே ஒரு வேலை. இந்தக் கெட்ட காலத்திலும் அவருடைய பத்து வருடக் கூட்டுத்தொகை 3 கோடியே 2 லட்சம். இருப்பவரைவிட 12 லட்சம் அதிகம். ஆரம்பத்தில் பார்த்த இரண்டு தாவல்களும் அவரைக் காப்பாற்றிவிட்டன. ஆனால் அந்த 12 லட்சம் வரியிலும் கிராஜுவிட்டியிலும் கரைந்துவிடும். பத்தாவது வருடச் சம்பளமும் இருவருக்கும் 43 லட்சம்தான். அதாவது, கடைசித் தாவல் சறுக்கினால் ஏறக்குறைய சமம்.

சறுக்குமா, சறுக்காதா என்பது பெரும்பாலும் ஆளின் திறமையைவிட வருடத்தைப் பொறுத்தது. 2022 மார்ச்சில் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் வருட விகிதம் 27.7 சதவீதம். கேட்டதெல்லாம் கிடைத்த காலம் அது. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்ஸின் மொத்த ஆள்கணக்கே 13,249 குறைந்தது. 2022-ல் இரண்டு மடங்கு சம்பளத்துக்குத் தாவியவர்களில் சிலருக்கு அந்தச் சம்பளமே பிறகு பாரமானது. அதே அனுபவத்துக்குக் குறைந்த விலையில் ஆள் கிடைக்கும்போது ஹெச்.ஆர். முதலில் பார்ப்பது அவர்களைத்தான். அதோடு, பதினைந்து வருட அனுபவத்துக்கு மேல் இடங்களே குறைவு. பத்து டெவலப்பர் இருக்கும் டீமில் ஆர்க்கிடெக்ட் ஒருவர்தான். எட்டு வருட அனுபவத்தில் ஒரு மாதத்தில் நாலு இன்டர்வியூ வரும். பதினாறில் அதற்கு நாலு மாதம் ஆகும். இதில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் வேறு; அத்தனை நாள் காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இதனாலேயே பின்னால் வரும் தாவல்களில் தேதிக்கும் விலை உண்டு. மாறுபவரின் இரண்டாவது வேலை மூன்று வருடத்தில் முடியாமல் நான்கே கால் வருடம் ஓடிவிட்டது, சி.டி.சி. 38 லட்சம், கையில் ஓர் ஆஃபர் இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து வருடத்தை முடிக்க இன்னும் ஒன்பது மாதம். முடித்தால் கிராஜுவிட்டி நாலரை லட்சம், வரியில்லாமல். ஆஃபர் 15 சதவீதம்தான் என்றால் அந்த ஒன்பது மாதத்தில் கூடுதலாக வருவது வரி போக மூன்று லட்சம், காத்திருப்பதுதான் லாபம். 30 என்றால் ஆறு லட்சத்தை ஒட்டி வரும், கிளம்பிவிடலாம். நான்கு வருடமும் 240 நாளும் முடித்தாலே ஐந்து வருடமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் எல்லாக் கம்பெனியும் அதைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்வதில்லை. ரிலீவிங் தேதி பேசுவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.