கண் சிமிட்டாத முகம்

2018இல் அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் சீவெய் லியூவின் குழு போலி முக வீடியோக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. அந்த வீடியோக்களில் இருந்தவர்கள் பேசினார்கள், சிரித்தார்கள், தலையைத் திருப்பினார்கள். ஆனால் கண்ணை மட்டும் சிமிட்டவேயில்லை, அல்லது எப்போதாவதுதான் சிமிட்டினார்கள்.

காரணம் எளியது. கண்ணை மூடியிருக்கும் நம் படத்தை நாம் யாருக்கும் காட்டுவதில்லை. அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கிறோம். அப்படிப் பொறுக்கி எடுத்த படங்களைக் கொண்டே பழகிய கணினிக்கு, அந்த முகத்துக்கு இமை மூடும் என்பதே தெரியவில்லை.

முகமாற்றத்துக்குப் படங்களைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் வேலையின் சிக்கல் முழுவதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. இந்த வேலையில் பெரும்பாலும் பயன்படும் அமைப்புக்கு ஆட்டோஎன்கோடர் என்று பெயர். அதில் என்கோடர் ஒன்றுதான், டீகோடர்கள் இரண்டு. எந்த முகத்தைக் கொடுத்தாலும் என்கோடர் அதைச் சுருக்கி, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பன போன்ற சாரத்தை மட்டும் எண்களாக வைத்துக்கொள்ளும். அந்த எண்களிலிருந்து முதல் டீகோடர் நடிகரின் முகத்தை மட்டும் வரையப் பழகும். இரண்டாவது டீகோடர் டூப் கலைஞரின் முகத்தை மட்டும். பழகி முடிந்ததும் தந்திரம் இதுதான்: டூப்பின் முகத்தைச் சுருக்கி, அந்த எண்களை நடிகரின் டீகோடரிடம் கொடுத்துவிடுவது. டூப் சிரித்த அதே சிரிப்பை நடிகரின் முகம் சிரிக்கும். ஆனால் நடிகரின் டீகோடர் தன் படத்தொகுப்பில் பார்த்ததைத்தான் வரையும். பார்க்காததை மழுப்பும்.

ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். சண்டைக் காட்சியில் டூப்பின் உடலில் நடிகரின் முகத்தைப் பொருத்த வேண்டும். நடிகர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது அவருடைய 12 நிமிடப் பேட்டி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 18,000 ஃபிரேம்கள். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் நொடிக்கு 5 மட்டும் எடுத்தால் 3,600 போதும். முகம் தேடும் மென்பொருளை ஓட்டினால் 5,100 முகங்கள் வருகின்றன. பேட்டி எடுத்தவர் முகம், பின்னால் சுவரில் மாட்டிய படம், முகம் போலத் தெரிந்த திரைச்சீலை மடிப்பு என எல்லாவற்றையும் அது வெட்டிக் கொடுத்திருக்கிறது.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் இரண்டு நாளில் களைத்துவிடுவார். அனுபவசாலிகள் முதலில் வரிசைப்படுத்துவார்கள். நிறச்சாயல் ஒற்றுமைப்படி அடுக்கினால் பேட்டி எடுத்தவர் முகங்கள் ஒரே கூட்டமாக ஓரிடத்தில் சேரும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். அப்படி 1,500 போய்விட, 3,600 மிஞ்சுகின்றன. இந்த இடத்தில் அலட்சியம் கூடாது. இன்னொருவர் முகம் நிறையக் கலந்துவிட்டால், டீகோடர் அதையும் நடிகர் என்றே நம்பி இருவர் சாயலையும் குழைத்து வரையும்.

அடுத்து, கோணலாக வெட்டப்பட்டவை. மென்பொருள் புருவம், மூக்கு, உதடு, தாடை என 68 புள்ளிகளை வைத்து, அவற்றைக் கொண்டு முகத்தை நேராக நிமிர்த்தி வெட்டுகிறது. புருவப் புள்ளி முடியில் போய் உட்கார்ந்தால் முகம் சாய்ந்து வரும். சிறிய படங்களாக விரித்துப் பார்த்தால் நேர்வரிசையில் நிற்காத பையனைப் போல அது தனியாகத் தெரியும். கையோ மைக்கோ வாயை மறைத்த படங்களும் இங்கே போகும்.

இனி மங்கல் படங்கள். கூர்மைப்படி வரிசைப்படுத்தினால் மங்கலானவை கடைசிக்குப் போய்விடும். வாலை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கை பரபரக்கும். ஆனால் கணினி கூர்மையை அளப்பது விளிம்புகளை வைத்து. மூடிய கண்ணில் கருவிழியின் விளிம்பு இல்லை. பக்கவாட்டு முகத்தில் ஒரு கண்தான் உண்டு. நிழலில் இருக்கும் முகத்தில் எல்லாமே அடங்கித் தெரியும். ஆகவே உண்மையிலேயே மங்கிய படங்களுக்கு நடுவே, தெளிவான, கிடைப்பதற்கு அரிய இந்தப் படங்களும் வாலில் வந்து சேர்ந்திருக்கும். கண்ணால் பார்க்காமல் வெட்டினால், 2018இல் பிடிபட்ட அதே கோளாறை நம் கையாலேயே உருவாக்கிவிடுவோம். கோணலானவை, வாய் மறைந்தவை, மங்கலானவை என எல்லாம் சேர்த்துப் பார்த்துப் பார்த்து 300 படங்களை நீக்கினால் 3,300 நிற்கும்.

இப்போது தலை திரும்பியிருக்கும் கோணப்படி அடுக்கினால்தான் உண்மை நிலை தெரியும். 3,300இல் 2,700 நேராகப் பார்ப்பவை. பேட்டி என்றால் அப்படித்தான். இப்படியே விட்டால் கணினி தன் உழைப்பில் பெரும்பகுதியை ஒரே முகபாவத்தில் செலவிடும். ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்து நேர்முகங்களை 900ஆகக் குறைக்கிறோம். சாய்ந்த கோணங்கள் 600ஐயும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஆக, 1,500. முழுப் பக்கவாட்டு முகம் ஒன்றுகூட இல்லை, மேலே பார்க்கும் முகமும் இல்லை. சண்டைக் காட்சியிலோ டூப் அடிவாங்கித் திரும்புவார், விழுந்து மேலே பார்ப்பார். இந்த ஓட்டையை எந்த மென்பொருளும் அடைக்காது. நடிகரைக் கூப்பிட்டு, காட்சியின் வெளிச்சத்திலேயே உட்காரவைத்து, தலையை மெதுவாகத் திருப்பச் சொல்லி, பல்லைக் கடிக்கச் சொல்லி, கண்ணை மூடித் திறக்கச் சொல்லிப் பத்து நிமிடம் எடுப்பதே வழி.

டூப்பின் ஃபோல்டருக்கு விதி வேறு. அது மாற்றப்பட வேண்டிய காட்சியே என்பதால் மங்கலாக இருக்கிறது என்று எந்த ஃபிரேமையும் தூக்கி எறிய முடியாது. எறிந்தால் அந்த ஃபிரேமில் மட்டும் டூப்பின் சொந்த முகம் மின்னி மறையும். அங்கே செய்ய வேண்டியது புள்ளிகளைக் கையால் சரிசெய்வது. நடிகரின் ஃபோல்டரில் தாராளமாகக் கழிக்கலாம்; டூப்பின் ஃபோல்டரில் அந்நிய முகங்களைத் தவிர எதையும் கழிக்கக்கூடாது.

தொகுப்பு சரியா என்பதைப் பயிற்சி நடக்கும்போது திரையில் வரும் மாதிரிப் படங்களே சொல்லும். பிழை எண் குறைந்துகொண்டே போவதை மட்டும் நம்பக்கூடாது. அது நடிகர் முகத்தை நடிகராகவே வரைவதன் கணக்கு. பார்க்க வேண்டியது மாற்றிய முகம் இருக்கும் வரிசை. நேர்முகங்கள் தெளிந்து, திரும்பிய முகங்கள் மட்டும் நாள் கணக்கில் களிமண்ணாகவே நின்றால் அந்தக் கோணத்துக்குப் படம் பற்றவில்லை. பல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால், வாய் திறந்த கூர்மையான படங்கள் குறைவாக இருக்கலாம். அப்போது பயிற்சியை நீட்டுவதால் பயன் குறைவு. ஃபோல்டருக்குத் திரும்ப வேண்டும்.

2020இல் வெளிவந்த ‘வெல்கம் டு செச்சன்யா’ ஆவணப்படம் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்கியது. செச்சன்யாவில் வேட்டையாடப்பட்டுத் தப்பி ஓடிய ஓரினச்சேர்க்கையாளர்களின் அடையாளத்தை மறைக்க, இயக்குநர் டேவிட் ஃபிரான்ஸ் அவர்கள் முகத்தை மங்கலாக்கவில்லை. தன்னார்வலர்கள் தங்கள் முகத்தைத் தந்தார்கள். ரயன் லேனியின் குழு அவர்களைப் பல கேமராக்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம்பிடித்தது. இணையத்தில் பொறுக்கிய படங்கள் அல்ல. தேவையைக் கணக்கிட்டு எடுத்தவை. மாற்றிய முகங்களின் ஓரத்தில் லேசான மங்கலைக் குழு வேண்டுமென்றே விட்டுவைத்தது. இது இரவல் முகம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.