துரியோதனன் தொடை

நெமிலிச்சேரியிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. அவற்றில் பாரதக் கூத்து நடத்தும் ஊர்களில், தீமிதிக்கு முன்பாகப் படுகளம் நடக்கும். திடலில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்வார்கள். சில ஊர்களில் அவன் ஒரு பஸ்ஸைவிட நீளம். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் வழியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிப்பாள்.

அவ்வளவு பெரிய உடம்பில் ஏன் தொடை? திடலில் யாரைக் கேட்டாலும் காந்தாரி கதையைச் சொல்வார்கள். பிள்ளையைப் பிறந்த மேனியாக வரச் சொன்னாள். கண்கட்டை அவிழ்த்து ஒரு முறை பார்த்தால் அவன் உடம்பு வஜ்ஜிரமாகிவிடும். வழியில் கண்ணன் மடக்கி, வளர்ந்த பிள்ளை தாய் முன்னால் இப்படியா போவது என்று கேலி செய்ய, அவன் இடுப்புக்குக் கீழே இலையைச் சுற்றிக்கொண்டு போனான். பார்வை படாத இடம் வெறும் சதையாகவே நின்றது. 1988இல் தொடங்கிய தொலைக்காட்சி மகாபாரதத்திலும் இந்தக் காட்சி உண்டு.

வியாசர் நூலில் இது கிடையாது. ஆனால் இதன் விதைகள் இருக்கின்றன. வன பர்வத்தில், உயிரை விடத் துணிந்து உண்ணாமல் கிடக்கும் துரியோதனனிடம் தானவர்கள் ஒரு ரகசியம் சொல்கிறார்கள்: அவனது மேலுடம்பைச் சிவன் வஜ்ஜிரத்தால் செய்தான், கீழுடம்பைத் தேவி பூக்களால் செய்தாள். காந்தாரியின் கண்ணுக்குச் சக்தி உண்டென்பதும் நூலில் வருகிறது. போர் முடிந்தபின், கட்டுக்கு அடியில் கசிந்த அவள் பார்வை பட்டுத் தருமனின் கால் நகம் கருகுகிறது. நாட்டார் கதை இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்து, கதாயுத்தத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டது.

ஏன் தைக்க வேண்டியிருந்தது? கதாயுத்தத்தில் தொப்புளுக்குக் கீழே அடிப்பது குற்றம். பீமனுக்குப் பலம் அதிகம், துரியோதனனுக்குப் பயிற்சி அதிகம், நேர்மையாக மோதினால் பீமன் ஜெயிக்க மாட்டான் என்று கண்ணனே அர்ஜுனனிடம் சொல்கிறான். துரியோதனன் பதின்மூன்று வருஷம் இரும்புப் பீமனைச் செய்துவைத்து அடித்துப் பழகியவன். அர்ஜுனன் தன் தொடையைத் தட்டிச் சைகை காட்ட, பீமன் விதியை மீறுகிறான். நம் பக்கத்து வீரன் இப்படி ஜெயிப்பது கேட்பவர்களுக்கு உறுத்தும். உடம்பு முழுவதும் வஜ்ஜிரம் என்று சொல்லிவிட்டால், அடிக்க வேறு இடமே இல்லை. குற்றம் கட்டாயமாக மாறிவிடுகிறது. இந்த வகைக் கதைகள் செய்கிற முக்கியமான வேலைகளில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

கிரேக்கர்களின் அக்கிலீசுக்கும் கவசம் பிறகு வந்து சேர்ந்ததுதான். ஹோமரின் இலியத்தில் அவன் கையில் காயம் பட்டு ரத்தம் வருகிறது. தாய் அவனைப் பாதாள ஆற்று நீரில் முக்கியபோது பிடித்திருந்த இடம் மட்டும் நனையவில்லை என்ற கதை, பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற ரோமக் கவிஞரிடம் வருகிறது. ஜெர்மானிய வீரன் சீக்ஃபிரீத் டிராகனின் ரத்தத்தில் குளித்தபோது தோள்களுக்கு நடுவே ஓர் இலை ஒட்டிக்கொண்டது. மூன்று கதையிலும் கவனியுங்கள்: ஓட்டையை எதிரியின் ஆயுதம் போடவில்லை. கவசம் தந்த அதே செயலில்தான் அது விழுகிறது. தாயின் பிடி, ஓர் இலை, மகனின் வெட்கம்.

அடுத்த கேள்வி, அந்த இடம் எதிரிக்கு எப்படித் தெரிகிறது என்பது. அநேகமாக வீட்டு ஆள்தான் சொல்லியிருப்பார். சீக்ஃபிரீதின் மனைவி, ஹாகன் என்பவன் அவனைக் காப்பாற்றுவான் என்று நம்பி, பலவீனமான இடத்துக்கு நேரே சட்டையில் சிலுவைக் குறி தைத்துக் கொடுக்கிறாள். யாரை நம்பினாளோ அந்த ஹாகன்தான் அங்கே ஈட்டியை எறிகிறான்.

துரியோதனனுக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. சூதாட்ட மண்டபத்தில், எல்லோர் கண்முன்னும், திரௌபதியைப் பார்த்துத் தன் இடது தொடையைத் திறந்து காட்டியவன் அவன்தான். அந்தத் தொடையை உடைப்பேன் என்று பீமன் அங்கேயே சபதம் செய்தான். ஆகவே சீக்ஃபிரீதின் இலைபோல எங்கோ தற்செயலாக விழுந்த இடமல்ல இது. கூத்துப் பார்க்கிறவர்கள் பல இரவுகளுக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் காந்தாரி கதையோடு ஒத்துப்போகாத ஒருவன் உண்டு: பலராமன். பீமன், துரியோதனன் இருவருக்கும் கதாயுதம் பழக்கிய குரு அவன். தொடையில் அடித்ததைக் கண்டதும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமன்மேல் பாய்கிறான்; கண்ணன் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. சமாதானமாகாமலே துவாரகைக்குத் தேரேறிப் போய்விடுகிறான். வேறு வழியில்லாமல் அடித்த அடி என்றால், அவனுடைய கோபத்துக்கு அர்த்தமே இல்லை.