எந்த அட்வான்ஸ்?

மதுரையில் கல்யாண உடைகளை வாடகைக்குத் தரும் தோழியின் கடையில் ஒரு திங்கட்கிழமை காலை உட்கார்ந்திருந்தேன். லெஹங்காவைத் திருப்பிக் கொடுக்க வந்த பெண்ணின் அம்மா, "அந்த அட்வான்ஸ் ரெண்டாயிரத்தைக் குடுத்துடும்மா" என்று கையை நீட்டினார். "அது வாடகையில கழிச்சாச்சே அம்மா" என்றாள் தோழி. அவருக்கு முகம் மாறிவிட்டது. கடைப் படத்தின் கீழே 'வாடகை 6,000, அட்வான்ஸ் 2,000, டெபாசிட் 5,000, 3 நாள்' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். இருவர் மேலும் தப்பில்லை, தப்பு அந்தச் சொல்லில் இருந்தது.

வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது நாம் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கும் அட்வான்ஸ், மொத்தக் கூலியில் கழியும் பணம். உடை வாடகைக் கடையில் இந்த இரண்டுமே உண்டு. அதனால் விளம்பர வாசகத்தில் அட்வான்ஸ் என்ற சொல்லே வரக்கூடாது என்பேன். தேதியைப் பிடித்து வைக்கக் கொடுப்பது 'பதிவுத் தொகை', அது வாடகையில் சேரும். உடை பத்திரமாக வந்தால் திரும்பத் தருவது 'டெபாசிட்'. மேலே சொன்ன கணக்கில், பதிவு செய்யும்போது 2,000 ரூபாய். உடையை எடுக்கும்போது மீதி வாடகை 4,000, டெபாசிட் 5,000, ஆக 9,000 கையில் வேண்டும். கல்யாண வாரத்தில் இந்த 9,000 திடீரென்று முளைத்தால் எந்த வீடும் திணறும். அதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் '3 நாள்'. நம் ஊரில் பல வீடுகளில் சனிக்கிழமை மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை உடையை எடுத்தால் மூன்றாவது நாள் ஞாயிறு. தாலி கட்டும் நாளில், மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில், லெஹங்காவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட யாருக்கு நேரம்? திங்களன்று கொண்டுவந்தால் ஒரு நாள் தாமதக் கட்டணம். நாளை எண்ணிச் சொல்லாமல், எடுக்கும் நேரத்தையும் தரும் நேரத்தையும் சொல்லிவிட்டால் இந்தத் தகராறே எழாது.

டெபாசிட்டில் கை வைப்பது பெரும்பாலும் கறைதான். அட்சதை மஞ்சள், சந்தனம், கழுத்தோரம் ஒட்டும் மேக்கப். செருப்பின் ஹீல் மாட்டி உள்ளிருக்கும் கேன்கேன் கிழிவதும் உண்டு. மேக்கப் லேசாகப் படிவதைக் கடைகள் டிரைவாஷில் சமாளித்துக்கொள்ளும். மஞ்சள் அப்படியில்லை. வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது சிவந்துபோகும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம்தான் மஞ்சளை நிறம் மாற்றுகிறது. கறை பட்டால் அப்படியே கொண்டுவந்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் உடையும் தப்பும், டெபாசிட்டும் தப்பும். உடையைக் கொடுக்கும்போதே இருவரும் சேர்ந்து பார்த்து, ஏற்கெனவே உதிர்ந்த கற்களைப் போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

டிரையலுக்கு ஏன் முன்பதிவு என்று பலர் கேட்கிறார்கள். அந்த உடை அன்றைக்கு வேறொரு மண்டபத்திலோ டிரைவாஷிலோ இருக்கலாம் என்பதுதான் காரணம். முகூர்த்தம் நெருங்கும் நாட்களில் கடையில் நிற்கவே இடம் இருக்காது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே போய்விடுவது சௌகரியம். பார்த்த அன்று ஒரு முறை, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பிளவுஸின் உள்ளே மடித்து விட்ட துணி இருக்கும் அளவுக்குத்தான் பிரித்துத் தைக்க முடியும். அதற்கு மேல் இறுக்கம் என்றால் வேறு உடைதான், அதைத் தேட அவகாசம் வேண்டும். அன்று போடப்போகும் செருப்பையே கொண்டுபோக வேண்டும். இரண்டு அங்குல ஹீலுக்கு அளவெடுத்த பாவாடை, தட்டைச் செருப்பில் தரையைக் கூட்டும்.

இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகள்தான் விரிக்காமலே கண்ணில் படும். வாழ்த்தும் பூப்படங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் விவரம் உள்ளே போய்விடும். அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதிய வாசகம் இது:

"ரிசப்ஷன் லெஹங்கா வாடகை ரூ. 6,000. டெபாசிட் ரூ. 5,000, உடையைப் பார்த்ததும் அன்றே திரும்பத் தருவோம்.
விழா சனிக்கிழமை என்றால் வெள்ளி மாலை 5 மணிக்கு எடுக்கலாம், திங்கள் பகல் 12 மணிக்குள் தர வேண்டும். பிறகு நாளொன்றுக்கு ரூ. 1,000.
பதிவுத் தொகை ரூ. 2,000 வாடகையில் சேரும். தேதி ரத்தானால் திரும்ப வராது.
கறை பட்டால் துவைக்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.
டிரையல் இரண்டு முறை, கட்டணம் இல்லை. ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, விழாவுக்குப் போடும் செருப்போடு வாருங்கள்."