அதே அலுமினியம், இரண்டு வடிவம்: செவ்வக ஃபினா, முக்கோண ஃபினா?

கப்சாய் மோட்டார் சைக்கிளின் இஞ்சினைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள்தாம் ஃபின். இஞ்சினின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அவற்றின் வேலை. உற்றுப் பார்த்தால் அவை அடியில் தடிப்பாகவும் நுனியில் மெலிந்தும் இருப்பது தெரியும். இதிலிருந்து பிறப்பதுதான் வெப்பமாற்றப் பாடத்தில் வரும் ஒரு கேள்வி: ஒரே கனஅளவு உலோகத்தைக் கொடுத்தால், ஃபினைச் செவ்வகமாகச் செய்வதா, முக்கோணமாகச் செய்வதா?

‘முக்கோணம்’ என்று மனப்பாடமாக எழுதிவிடுகிற மாணவர்கள் நிறைய. அது பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

முதலில் ‘ஒரே கனஅளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செவ்வகத்தின் பரப்பு நீளம் × தடிப்பு. முக்கோணத்துக்கு அதில் பாதிதான். ஆகவே நீளத்தை மாற்றாமல் உலோக அளவைச் சமமாக வைக்க வேண்டுமானால், முக்கோணத்தின் அடித்தடிப்பு செவ்வகத்தின் தடிப்பைப்போல் இருமடங்காக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தடிப்பைப் போட்டு ஒப்பிட்டால், பாதி உலோகத்தை முழு உலோகத்தோடு மோதவிடுகிறோம். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம். அலுமினியக் கலவையின் வெப்பக் கடத்துதிறன் k = 180 W/mK, காற்றுக்கான வெப்பப் பரிமாற்றக் கெழு h = 50 W/m²K. அடி 130 °C, காற்று 30 °C. ஃபினின் குறுக்குவெட்டுப் பரப்பு 60 சதுர மில்லிமீட்டர். அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்றில் செவ்வகம் 30 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிப்பு. முக்கோணமும் 30 மி.மீ. நீளம், ஆனால் அடித்தடிப்பு 4 மி.மீ. கணக்கின் சாவி mL என்ற எண். இதில் m = √(2h/kt). முக்கோணத்துக்கு t என்பது அடித்தடிப்பு. mL சிறியதாக இருந்தால் ஃபின் நுனிவரை சூடாக இருக்கிறது என்று பொருள். பெரியதானால் நுனி குளிர்ந்துபோய், அங்குள்ள உலோகம் சும்மா நிற்கிறது.

செவ்வகத்துக்கு mL = 0.5 வருகிறது. செவ்வகத்துக்கு நுனியிலும் ஒரு முகம் உண்டு, அதுவும் சூட்டை விடும். அதைச் சேர்க்க, நீளத்தோடு தடிப்பில் பாதியைக் கூட்டி 31 மி.மீ. என்று எடுக்கிறோம். (இது 1922-இல் ஹார்ப்பரும் பிரவுனும் காற்றால் குளிரும் இஞ்சின்களுக்காகவே கொடுத்த வழி.) விடை 285 வாட். முக்கோணத்துக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அதன் விடை 283 வாட்.

அதாவது, இங்கே முக்கோணம் ஜெயிக்கவில்லை! நூலிழையில் என்றாலும் செவ்வகமே மேல். கட்டையான ஃபின் முழுக்கச் சூடாகவே இருப்பதால், உலோகத்தை இடம் மாற்றி வைப்பதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

இப்போது அதே 60 சதுர மில்லிமீட்டரை நீட்டுவோம். செவ்வகம் 60 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிப்பு, முக்கோணம் 60 மி.மீ. நீளம், அடியில் 2 மி.மீ. செவ்வகத்தின் mL இப்போது 1.41, முக்கோணத்துக்கு 1.0. செவ்வகம் 378 வாட், முக்கோணம் 419 வாட். ஒரு கிராம் உலோகம்கூடக் கூட்டாமல் 11 விழுக்காடு அதிகம்.

ஏன் இப்படி? மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் எல்லாக் கிளைக்கும் சேர்த்து நீரைக் கொண்டுபோக வேண்டும். நுனிக்கொம்பு தன் இலைகளுக்கு மட்டும் கொண்டுபோனால் போதும். ஃபினும் அப்படித்தான். வெப்பம் போகிற வழியிலேயே இரண்டு பக்கமும் காற்றுக்குக் கசிந்துகொண்டே போகிறது. நம் நீளச் செவ்வகத்தில், அடியில் நுழைந்த வெப்பத்தில் சுமார் 40 விழுக்காடுதான் நடுப்பகுதியைத் தாண்டுகிறது. ஆனாலும் அங்கே தடிப்பு அதே 1 மி.மீ. முக்கோணம் அந்த மிச்ச உலோகத்தை எடுத்து, நெரிசல் அதிகமாக உள்ள அடிப்பக்கம் வைக்கிறது.

வெப்பநிலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செவ்வகத்தின் நடுவில் சுமார் 88 °C, முக்கோணத்தின் நடுவில் 99 °C. நுனியில் மட்டும் செவ்வகம் 75, முக்கோணம் 74. ‘முக்கோணத்தின் நுனி அதிகச் சூடாக இருக்கும்’ என்று எழுதும் விடைகள் இதனால்தான் தவறு. சூடாக இருப்பது நடுப்பகுதி. லாபம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த 11 எவ்வளவு தூரம் ஏறும்? இரண்டு வடிவத்துக்கும் அவற்றுக்கே மிகப் பொருத்தமான நீளத்தைக் கொடுத்தால் (செவ்வகத்துக்கு mL ≈ 1.42, முக்கோணத்துக்கு mL ≈ 1.31) வித்தியாசம் சுமார் 13 விழுக்காடு. நம் உதாரணத்தில் முக்கோணம் அப்போது 72 மி.மீ. நீளமாகி 426 வாட் விடும். இதையே திருப்பிச் சொன்னால், அதே வெப்பத்தை விட முக்கோணத்துக்குச் செவ்வகத்தின் உலோகத்தில் சுமார் 69 விழுக்காடு போதும். எடை முக்கியமான இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு எக்செல் போதும். A1 கட்டத்தில் mL-ஐப் போட்டால், முதல் வரி செவ்வகத்தின் வினைத்திறனையும் இரண்டாவது முக்கோணத்தினுடையதையும் தரும். வரைபடத்தைக் கண்ணால் அளந்து படிக்கும் வேலை மிச்சம்.

```
=TANH(A1)/A1
=BESSELI(2*A1,1)/(A1*BESSELI(2*A1,0))
```

செவ்வகத்துக்கு நுனியைச் சேர்த்த நீளத்தைப் போட மறக்க வேண்டாம். கிடைத்த எண்ணை 2hL-ஆலும், அடிக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கினால், ஒரு மீட்டர் அகலத்துக்கான வாட் கிடைக்கும். இங்கேயும் செவ்வகத்துக்கு L என்பது அந்தக் கூட்டிய நீளமே.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லா ஃபினும் முக்கோணமாக இல்லை? கத்தி முனைபோன்ற நுனியை வார்ப்பில் எடுக்க முடியாது. உருகிய உலோகம் அவ்வளவு குறுகிய இடுக்கில் போய் நிரம்பாது. மறுபுறம், வார்த்ததை அச்சிலிருந்து உருவ வேண்டுமானால் ஓரளவு சரிவு எப்படியும் தேவை. அதனால்தான் கப்சாய் ஃபின் சரிவகமாக இருக்கிறது. ஏர்கான் கண்டென்சரில் இருப்பதோ மெல்லிய தகடு. அதன் mL ஏற்கெனவே சிறியது. அதைச் சீவி முக்கோணமாக்கக் கொடுக்கும் காசு திரும்பி வராது.

தேர்வுத்தாளில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும், நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது இன்னொன்று: ஒரே ஃபினாகத்தான் இருக்க வேண்டுமா? அதே 60 சதுர மில்லிமீட்டரை 30 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிப்புள்ள இரண்டு செவ்வகங்களாகப் பிரித்தால் மொத்தம் 523 வாட். நாம் பார்த்த மிகச் சிறந்த முக்கோணத்தையே அது தாண்டிவிடுகிறது. அந்த இரண்டையும் முக்கோணமாக்கினால் 536 வாட். கூடுவது வெறும் 2.5 விழுக்காடு.

இதற்கும் எல்லை உண்டு. மேலே போட்ட எல்லாக் கணக்கிலும் h = 50 மாறவில்லை என்று வைத்துக்கொண்டோம். ஃபின்களை நெருக்கிக்கொண்டே போனால் இடுக்கில் காற்று ஓடாமல் தேங்கும், h விழும், mL குறைவாக இருந்தும் வெப்பம் வெளியேறாது. அடித்தடிப்பு அதிகமான முக்கோணமோ அடிப்பக்க இடைவெளியை இன்னும் குறுக்கிவிடும். இஞ்சின் ஃபின்களுக்கு நடுவே சேறு அப்பிக் காய்ந்த பைக்கில் நடப்பதும் இதுதான். அங்கே வடிவம் எதுவானாலும் இஞ்சின் கொதிக்கும்.