தாமதம் எங்கே போகிறது?

மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசின் மேல் பருப்புப் பையை வைத்ததும் எண்கள் ஓரிரு நொடி ஆடும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். அதுவரை கடைக்காரர் விலை சொல்ல மாட்டார். தட்டின் அதிர்வும் ஃபேன் காற்றும் கலந்து வரும் அளவுகளைத் தராசு தனக்குள் சராசரி எடுத்துக் காட்டுகிறது. அதற்கு ஆகும் நேரம்தான் அந்தக் காத்திருப்பு. எண் உடனே வேண்டுமென்றால் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; ஆடாத எண் வேண்டுமென்றால் நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

பங்குச் சந்தை சார்ட்டைப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். தினசரி விலையோ, அதிலிருந்து கணக்கிடும் இண்டிகேட்டரோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலை அடக்கினால் போக்கு தெரியும். ஆனால் தெரிவதற்குள் நாலு நாள் ஓடிவிடும். தாமதமே இல்லாமல் இரைச்சலை மட்டும் நீக்கித் தருவதாகச் சொல்லும் ‘ஜீரோ லேக்’, ‘சூப்பர் ஸ்மூதர்’ போன்ற பெயர்கள் இன்று பல சார்ட் மென்பொருள்களில் கிடைக்கின்றன. உண்மையில் அவை தாமதத்தை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன என்று பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எக்ஸ்பொனென்ஷியல் மூவிங் ஆவரேஜ். சுருக்கமாக இஎம்ஏ. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த ராபர்ட் பிரவுன், பின்னர் சரக்கு இருப்புக் கணிப்புக்காக வளர்த்தெடுத்த முறை இது. கணக்கு மிக எளிது. நேற்றைய கோட்டின் மதிப்புக்கும் இன்றைய விலைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கை மட்டும் கோடு நகரும். 9 நாள் இஎம்ஏ என்றால் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று.

விலை தினமும் ஒரு ரூபாய் வீதம் சீராக ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கோடு விலைக்கு 4 ரூபாய் கீழே இருக்கிறது. மறுநாள் விலை ஒரு ரூபாய் ஏறினால் இடைவெளி 5 ரூபாய் ஆகும். அதில் ஐந்தில் ஒன்று, அதாவது ஒரு ரூபாய், கோடு ஏறும். மீண்டும் இடைவெளி 4 ரூபாய். இப்படியே ஏற்றம் நீடிக்கும் வரை கோடு 4 ரூபாய், அதாவது 4 நாள், பின்தங்கியே வரும். எந்த நாள் கணக்காக இருந்தாலும் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் இந்தத் தாமதம் கிடைக்கும்.

நாலு நாள் பின்தங்குவது தெரிந்த விஷயம்தானே, அதை முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்துவிட்டால் என்ன? ஜான் எலர்ஸ், ரிக் வே ஆகிய இருவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜீரோ லேக் இஎம்ஏவின் யோசனை இதுதான். இன்றைய விலையிலிருந்து 4 நாள் முந்தைய விலையைக் கழிக்கிறார்கள். வரும் வித்தியாசத்தை இன்றைய விலையோடு கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையைத்தான் இஎம்ஏவுக்கு உள்ளே அனுப்புகிறார்கள். சீராக ஏறும் விலைக்கு இது அழகாகப் பொருந்தும். 4 ரூபாய் கூட்டி அனுப்புகிறோம், கோடு 4 ரூபாய் பின்தங்குகிறது, முடிவில் கோடும் விலையும் ஒன்றாகிவிடுகின்றன. பெயரில் சொன்ன பூஜ்யம் பொய்யில்லை.

ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கடந்த 4 நாளில் விலை எவ்வளவு நகர்ந்ததோ, அடுத்த 4 நாளிலும் அதே அளவு நகரும் என்பது அது. அனுமானம் தவறும்போது என்ன நடக்கும்?

100 ரூபாயில் அசையாமல் நின்ற பங்கு ஒரே நாளில் 110 ஆகி அங்கேயே நிற்கிறது என்று வைப்போம். சாதாரண 9 நாள் இஎம்ஏ முதல் நாள் 102க்கு வரும், நாலாம் நாள் 105.90இல் இருக்கும். ஜீரோ லேக் கோட்டுக்கு முதல் நாலு நாளும் உள்ளே போவது 110 அல்ல, 120. எனவே முதல் நாள் 104, பிறகு 107.20, 109.76 என்று விரைந்து ஏறி நாலாம் நாள் 111.81இல் நிற்கும். விலை ஒருநாளும் தொடாத இடம் அது. அங்கிருந்து மெல்ல இறங்கும் கோட்டைப் பார்ப்பவர், விலை இறங்கத் தொடங்கிவிட்டது என்று நினைப்பார். விலையோ 110ஐ விட்டு அசையவே இல்லை.

இதைவிட மோசமானது ஒருநாள் குதிப்பு. ஏதோ ஒரு வதந்தியால் விலை ஒருநாள் மட்டும் 110 போய், மறுநாளே 100க்குத் திரும்பி அங்கேயே நிற்கிறது. சாதாரண இஎம்ஏ 102 வரை போய் மெல்லத் தணியும். ஜீரோ லேக் கோடு 104 வரை போகும். ஒரே தட்டில் இரண்டு மடங்கு இரைச்சல். நாலாம் நாள் அது 102.05க்கு இறங்கியிருக்கும். ஐந்தாம் நாள் சந்தையில் ஒன்றுமே நடக்கவில்லை. கோடு மட்டும் திடீரென்று 99.64க்குச் சரிந்து விலைக்குக் கீழே போய்விடும். காரணம், அன்றைக்கு ‘4 நாள் முந்தைய விலை’யாக வருவது அந்த 110. அதைக் கழித்துக் கூட்டினால் உள்ளே போவது 90. முடிந்துபோன வதந்தியின் ஆவி, தலைகீழாகத் திரும்பி வருகிறது. காரணமில்லாமல் கோடு இப்படி வெட்டித் திரும்பினால், தாமத நாள்களை எண்ணிப் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெரிய மெழுகுவர்த்தி நின்றால், சைகை இன்றைய சந்தையுடையது அல்ல.

தொடர்ந்து ஏறி இறங்கும் அலைகளிலும் இதே கதைதான். 8 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையை 9 நாள் இஎம்ஏ 28 சதவீதமாகச் சுருக்கிவிடும். ஜீரோ லேக் கோட்டிலோ 84 சதவீதம் அப்படியே தெரியும். அந்த அலையில் 4 நாள் முந்தைய விலை எப்போதும் எதிர்ப்புறத்தில் இருப்பதால், வித்தியாசத்தைக் கூட்டும்போது அலை மும்மடங்காகிறது. பிறகு இஎம்ஏ சுருக்கி மிச்சமாவது அவ்வளவு. ஆகத் தாமதம் ஒழியவில்லை. மிகையோட்டமாகவும் கூடுதல் இரைச்சலாகவும் உருமாறிவிட்டது.

எலர்ஸ் அமெரிக்க மின்பொறியாளர். சிக்னல்களை வடிகட்டும் கலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய சூப்பர் ஸ்மூதர் வேறு வழியில் போகிறது. தாமதத்தை மறைக்க முயலாமல், கொடுக்கிற தாமதத்துக்கு அதிகப் பலன் கேட்கிறது. 1930இல் ஸ்டீபன் பட்டர்வொர்த் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் விவரித்த வடிகட்டிதான் அதன் உடம்பு. வேண்டிய அலைகளைக் குறைக்காமல் விட்டு, வேண்டாதவற்றைச் சட்டென்று வெட்டுவது அதன் குணம். இஎம்ஏ தன்னுடைய நேற்றைய மதிப்பை மட்டும் நினைவில் வைத்திருக்கும். இது நேற்றையதையும் முந்தாநாளையதையும் வைத்திருக்கும்.

அதோடு எலர்ஸ் சிறிய மாற்றம் ஒன்று செய்தார். இன்றைய விலைக்குப் பதில் இன்று, நேற்று இரண்டின் சராசரியை உள்ளே அனுப்பினார். தினசரி விலையில் தெரியக்கூடிய மிக வேகமான ஆட்டம், ஒருநாள் மேலே மறுநாள் கீழே என்று மாறிமாறி வருவது. அடுத்தடுத்த இரண்டு நாளைச் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் முழுதாக ரத்தாகிவிடும்.

10 நாளுக்கு அமைத்த சூப்பர் ஸ்மூதர், மெதுவான போக்கில் சுமார் 1.8 நாள் பின்தங்கும். ஏறக்குறைய அதே தாமதமுள்ள 5 நாள் இஎம்ஏவோடு, 2 நாள் தாமதம், இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். மாறிமாறி வரும் இரண்டு நாள் ஆட்டத்தில் இஎம்ஏ 20 சதவீதத்தை விட்டுவைக்கும். சூப்பர் ஸ்மூதரில் மிச்சம் பூஜ்யம். 4 நாள் அலையில் இஎம்ஏ 28 சதவீதம் விடும், இது 14. நாம் பார்க்க விரும்பும் 20 நாள் அலையிலோ இஎம்ஏ 79 சதவீதத்தைத்தான் காட்டும், சூப்பர் ஸ்மூதர் 97 சதவீதம். குப்பை பாதி, நெல் முழுசு.

குறையும் உண்டு. அதே 100லிருந்து 110க்குத் தாவும் விலையில், சூப்பர் ஸ்மூதர் முதல் நாள் 101.27தான் வரும், 5 நாள் இஎம்ஏ 103.33 போயிருக்கும். மூன்றாம் நாள் வரை பின்னால் இருந்து, நாலாம் நாள் முந்துகிறது. ஏழாம் நாள் 110.43 வரை போய்த் திரும்பும். அந்தச் சிறு மிகையோட்டம் பட்டர்வொர்த் வடிகட்டியின் கூடப்பிறந்தது.

இதை நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், பைதானில் இவ்வளவுதான்:

```
w = 1.414 * math.pi / n
a = math.exp(-w)
c2 = 2 * a * math.cos(w)
c3 = -a * a
c1 = 1 - c2 - c3
f[i] = c1*(p[i]+p[i-1])/2 + c2*f[i-1] + c3*f[i-2]
```

முதல் சில நாள்களுக்கு `f` மதிப்பாக விலையையே வையுங்கள். பூஜ்யத்தில் தொடங்கினால் கோடு பாதாளத்திலிருந்து ஏறி வரும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. எலர்ஸ் எழுதிய மூல நிரல், கோணத்தை டிகிரியில் கேட்கும் மொழியில் இருக்கிறது. அதனால் அங்கே கொசைனுக்குள் 180 என்ற எண் இருக்கும். பைதான் கேட்பதோ ரேடியன். 180ஐ மாற்றாமல் நகலெடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. 10 நாளுக்குக் கோடு பார்க்க வழவழப்பாகவே இருக்கும். தாமதம் மட்டும் 1.8லிருந்து 2.5 நாளாகக் கூடியிருக்கும். 15 நாளுக்கு மாற்றினால்தான் குட்டு உடையும்: நாள் கூடினால் வழவழப்பும் கூட வேண்டும், ஆனால் கோடு விலையைவிடக் கரடுமுரடாக ஆடும். அசையாத விலையைக் கொடுத்துச் சோதித்தால் இந்தத் தவறு சிக்காது, மூன்று எண்களின் கூட்டுத்தொகை எப்படியும் ஒன்றுதான். 110க்குத் தாவும் விலையைக் கொடுங்கள். 10 நாள் அமைப்பில் ஏழாம் நாள் 110.43 வர வேண்டும். 109.76 வந்தால் 180 உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

புதிய பெயரோடு வரும் எந்தக் கோட்டையும் இப்படி உரசிப் பார்க்கலாம். சந்தை விலையைக் காட்டுவதற்கு முன், நீங்களே தட்டச்சு செய்த மூன்று பொய் விலைகளைக் கொடுங்கள்: தினமும் ஒரு ரூபாய் ஏறுவது, 110க்குத் தாவி நிற்பது, ஒருநாள் மட்டும் குதித்துத் திரும்புவது. முதலாவது எவ்வளவு தாமதம் என்று சொல்லும். இரண்டாவது, அந்தத் தாமதத்தைக் குறைத்ததற்கு எவ்வளவு மிகையோட்டம் என்று சொல்லும். மூன்றாவதில் ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ ஆவி திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.