ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு நாள் கழிவு

சிட்னி பல்கலைக்கழகத்தில் அசைன்மென்டைக் கெடு தாண்டிக் கொடுக்கும் மாணவர் ஒவ்வொரு நாளுக்கும் 5 சதவீத மதிப்பெண்ணை இழப்பார். சனி, ஞாயிறும் இந்தக் கணக்கில் சேரும். பத்து நாள் கடந்துவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பூஜ்யம்தான். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலும் நாளுக்கு 5 சதவீதமே கழிகிறது. ஆனால் அங்கே ஐந்து நாளோடு கதவு மூடிவிடும். எண் ஒன்றாக இருந்தாலும், ஒரே தாமதத்துக்கு இந்த இரண்டு இடங்களில் மாணவர் பெறும் மதிப்பெண் வேறுபடலாம்.

முன்பெல்லாம் இந்தக் கழிவை ஆசிரியர் கையால் கணக்குப் போட்டுக் கழித்தார். சிலர் கண்டிப்பாகக் கழித்தார்கள், சிலர் பார்த்தும் பாராததுபோல் விட்டார்கள். ஒரே வகுப்பை மூன்று பேர் பிரித்துத் திருத்தினால் மூன்று விதமான நியாயம் நடந்தது. இப்போது பல கல்லூரிகளில் இந்த வேலையைப் பாடநிர்வாக மென்பொருள் செய்கிறது. அமெரிக்காவில் உருவான கேன்வாஸில் ஆசிரியர் மதிப்பெண் பதிவேட்டின் அமைப்புகளுக்குப் போய், எத்தனை சதவீதம், நாளுக்கா மணிக்கா, எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மூன்று விவரங்களை நிரப்பினால் போதும். உலகெங்கும் கல்லூரிகள் இலவசமாகப் பயன்படுத்தும் மூடில் மென்பொருளிலும், 2025 ஏப்ரலில் வந்த 5.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

மென்பொருள் ஆள் பார்த்துச் சலுகை காட்டாது, மறக்கவும் மறக்காது. அதே சமயம், விதியில் யாரும் தெளிவாகச் சொல்லாமல் விட்டதை எல்லாம் அது தன் போக்கில் முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவுகள் மாணவரின் மதிப்பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

40 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை. கெடு வெள்ளிக்கிழமை இரவு 11.59. ஒரு மாணவி திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கொடுக்கிறாள். மூன்று நாள் தாமதம், நாளுக்கு 5 என்றால் 15 சதவீதக் கழிவு. கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் போட்டது 22. இனி எதில் 15 சதவீதம் என்று கேட்க வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணான 40-ல் 15 சதவீதம் என்றால் 6 போகும், கையில் நிற்பது 16. அவள் வாங்கிய 22-ல் 15 சதவீதம் என்றால் 3.3 போகும், நிற்பது 18.7. ஒவ்வொரு நாளும் மிச்சமிருப்பதில் 5 சதவீதம் என்று படிப்படியாகக் கழித்தால் ஏறக்குறைய 18.9 நிற்கும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான தேர்ச்சி அளவு 50 சதவீதம், அதாவது இங்கே 20. கெடுவுக்குள் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை தேறியிருக்கும். இப்போது மூன்று வழியிலும் தேறவில்லை, ஆனால் எவ்வளவு தூரத்தில் தவறுகிறது என்பது வழிக்கு வழி மாறுகிறது.

சிட்னி, லிவர்பூல் இரண்டும் முதல் வழியைத்தான் வைத்திருக்கின்றன. கேன்வாஸும் மொத்த மதிப்பெண்ணிலிருந்தே கழிக்கிறது. தாமதம் ஒன்றுதான் என்னும்போது கழிவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் நியாயம். வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து கழித்தால், அதே மூன்று நாள் தாமதத்துக்கு 36 வாங்கியவர் 5.4 இழப்பார், 22 வாங்கியவர் 3.3 தான் இழப்பார். நன்றாக எழுதியதற்காகக் கூடுதல் தண்டனை என்று ஆகிவிடும். ஆனால் முதல் வழிக்கும் ஒரு விலை உண்டு. 36 வாங்கியவர் 6-ஐ இழந்தால் 30 நிற்கும், அவர் தன் உழைப்பில் ஆறில் ஒரு பங்கைத்தான் இழக்கிறார். 22 வாங்கியவர் அதே 6-ஐ இழக்கும்போது கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. தட்டுத் தடுமாறித் தேறுகிறவர்களைத்தான் இந்த விதி கீழே தள்ளுகிறது.

இதை உணர்ந்துதான் லிவர்பூல் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஐந்து நாளுக்குள் வந்துவிட்டால், கழிவு மதிப்பெண்ணைத் தேர்ச்சி அளவுக்குக் கீழே இறக்காது. தேர்ச்சி 40 என்றால், 45 வாங்கிய கட்டுரை மூன்று நாள் தாமதத்துக்காக 30-க்குப் போகாமல் 40-லேயே நின்றுவிடும். முதலிலேயே 38 வாங்கியிருந்தால் தாமதத்துக்காக எதுவும் கழியாது. கேன்வாஸில் ‘இதற்குக் கீழே போகக் கூடாது’ என்ற கட்டத்தில் 40 என்று எழுதினால் இதே விளைவு வரும். அதை வெறுமையாக விட்டுவிட்டால் கழிவு பூஜ்யம் வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும்.

அடுத்த கேள்வி, ஒரு நாள் என்றால் என்ன?

கேன்வாஸ் தாமதத்தை நொடிக் கணக்கில் எடுத்து, 24 மணி நேரத்தால் வகுத்து, வருகிற பின்னத்தை மேலே முழு எண்ணாக்குகிறது. கெடு தாண்டி இரண்டு நிமிடத்தில் வந்த கட்டுரையும் ஒரு நாள் தாமதம், 23 மணி நேரம் கழித்து வந்ததும் ஒரு நாள் தாமதம். 40-க்கு 2 மதிப்பெண் இரண்டிலும் போகும். இணையம் விட்டுவிட்டு வந்ததால் நள்ளிரவைத் தாண்டிய மாணவருக்கு இது கசக்கும். போதாக்குறைக்கு, கெடுவைத் தவறவிட்டவர் அவசரப்படவும் காரணமில்லை. இழந்தது இழந்ததுதான், நாளை இரவு வரை உட்கார்ந்து எழுதலாம் என்று அவர் கணக்குப் போடுவது இயல்பு. நாளுக்குப் பதில் மணிக்கு என்று அமைத்து, சதவீதத்தைச் சிறியதாக்கினால் இந்தச் செங்குத்துச் சரிவு படிக்கட்டாக மாறும். மணிக்கு 0.2 சதவீதம் என்று வைத்தால் ஒரு முழு நாளுக்கு 4.8 வரும், இரண்டு நிமிடத் தாமதத்துக்கு 0.2 தான் போகும்.

விடுமுறைகளை மென்பொருள் அறியாது. பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்கள் வேலை நாளைத்தான் கணக்கில் எடுக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அப்படிப்பட்டது. வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குத் திங்கட்கிழமை கொடுத்தால் வேலை நாள் கணக்கில் ஒரு நாள், நாட்காட்டிக் கணக்கில் மூன்று நாள். கேன்வாஸின் கழிவு அமைப்பில் வேலை நாள் என்ற தேர்வே இல்லை. கையேட்டில் வேலை நாள் என்று அச்சிட்டுவிட்டு மென்பொருளை அப்படியே ஓட விட்டால், மாணவர் 5 சதவீதம் இழக்க வேண்டிய இடத்தில் 15 இழப்பார்.

கடிகாரமே மாறும் நாட்களும் உண்டு. பிரிட்டனில் அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைப்பார்கள். அந்த ஞாயிறுக்கு 25 மணி நேரம். 2025-ல் அது அக்டோபர் 26. வெள்ளி மாலை நான்கு மணிக் கெடுவை விட்டுவிட்டு, அந்த ஞாயிறு மாலை மூன்றரைக்குக் கொடுப்பவர் இரண்டு நாளுக்குள் கொடுத்ததாகத்தான் நினைப்பார். உண்மையில் கடந்தது 48 மணி 30 நிமிடம். நொடிக் கணக்கில் அது மூன்றாவது நாள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விடுமுறைக்கு வந்திருக்கும் மாணவருக்கு இதே மாற்றம் வேறு விதமாக வந்து சேரும். லண்டனின் இரவு 11.59 கோடையில் நமக்கு அதிகாலை 4.29, அந்த ஞாயிறுக்குப் பிறகு 5.29.

இவையெல்லாம் விதியின் ஓட்டைகள். நடைமுறையில் வரும் புகார்களுக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றில் மூன்றை முக்கியமாகச் சொல்லலாம்.

முதலாவது, இரட்டைக் கழிவு. பழைய பழக்கத்தில் ஆசிரியர் 28 போட வேண்டிய கட்டுரைக்குத் தாமதத்தைத் தானே கழித்து 22 என்று பதிகிறார். மென்பொருள் அந்த 22-லிருந்து மறுபடியும் 6-ஐக் கழித்து 16 ஆக்கிவிடுகிறது. திருத்துகிறவர் எப்போதும் முழு மதிப்பெண்ணையே பதிய வேண்டும்.

இரண்டாவது, மின்னஞ்சலில் மட்டும் கிடைத்த அவகாசம். காய்ச்சலில் படுத்த மாணவருக்கு “செவ்வாய்க்கிழமை வரை கொடுக்கலாம்” என்று பேராசிரியர் எழுதிவிடுகிறார். ஆனால் மென்பொருளில் அந்த மாணவர் பெயருக்குத் தனிக் கெடுவைப் பதியவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த கட்டுரையைக் கேன்வாஸ் வெள்ளிக்கிழமையோடு ஒப்பிட்டு நான்கு நாள் கழிவைப் போடும். இதைச் சரிசெய்ய, அந்த ஒருவருக்கு மட்டும் கெடு தேதியை மாற்றலாம், அல்லது அந்தக் கட்டுரையின் நிலையை Late என்பதிலிருந்து None என்று மாற்றலாம். மாற்றியதும் கழிவு தானாக நீங்கிவிடும்.

மூன்றாவது, நேரத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் கொடுப்பது. மாலையே அனுப்பிய மாணவி, நூற்பட்டியலில் ஒரு பிழை கண்டு நள்ளிரவு 12.10-க்குத் திருத்திய கோப்பை ஏற்றுகிறாள். கேன்வாஸ் கடைசியாக வந்ததைத்தான் பார்க்கும், அதற்கு ‘தாமதம்’ என்று முத்திரையும் குத்தும். ஒரு காற்புள்ளிக்காக 2 மதிப்பெண் போய்விடும்.

மூன்றையும் கண்டுபிடிக்க ஒரே வழி, மதிப்பெண் பக்கத்தை எழுத்துக்கு எழுத்து பார்ப்பதுதான். கேன்வாஸ் தாமதமான கட்டுரைக்கு ஆசிரியர் போட்ட மதிப்பெண், தாமதக் கழிவு, இறுதி மதிப்பெண் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும். கழிவை மொத்த மதிப்பெண்ணால் வகுத்து, நாளுக்கான சதவீதத்தால் மீண்டும் வகுத்தால் மென்பொருள் எத்தனை நாள் என்று எண்ணியது தெரிந்துவிடும். 40-ல் 8 கழிந்திருந்தால் 20 சதவீதம், அதாவது நான்கு நாள். கட்டுரை ஏற்றிய நேரத்தோடு அது ஒத்துவராவிட்டால் உடனே துறை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அப்போது கைகொடுப்பது, கோப்பை ஏற்றியதும் திரையில் தெரியும் நேர முத்திரையின் படம்.

ஆசிரியர்கள் பக்கமும் பருவம் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கேன்வாஸில் ஒவ்வொரு பாடத்திலும் சோதனைக்கென ஒரு பொய் மாணவரைக் கொண்டு பார்க்கும் வசதி உண்டு. கடந்துபோன ஒரு தேதியைக் கெடுவாக வைத்து, அந்தப் பொய் மாணவரின் பெயரில் ஒரு கோப்பை ஏற்றி, 22 மதிப்பெண் போட்டுப் பார்த்தால் என்ன மிச்சம் நிற்கிறது என்று தெரியும். பாடக் கையேட்டில் அச்சிட்ட விதியைக் கையால் கணக்கிட்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். சிட்னி போல் பத்து நாளுக்குப் பின் பூஜ்யம் என்ற விதி இருந்தால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். கேன்வாஸின் கணக்கு பதினோராம் நாளிலும் 55 சதவீதம் என்று தொடர்ந்து கழித்துக்கொண்டே போகும், தானாகப் பூஜ்யமாக்காது. அங்கே பத்தாம் நாள் இரவோடு கோப்பு ஏற்றுவதையே மூடும்படி கடைசித் தேதியை அமைத்தாக வேண்டும்.